மூன்று கூறாய்க் கட்டிய சீர்

என் கீழ்ப்பல் ஒன்று நான் வரப்பில் வழுக்கி விழுந்ததில் உடைந்ததாக எங்கள் ஊர் நன்னிலத்தில் அனைவருக்கும் சொல்லியிருக்கிறேன். அதை உடைத்தது என் தம்பியின் முழங்கை.

தங்கை மகள் திருமணத்திற்குத் தாய்மாமன் சீராக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சலவை இயந்திரம் வாங்கினோம். இணையக் கடையில் கணக்கு என்னுடையது. தம்பி மகனுக்கு அவன் அலுவலகம் தந்த பரிசு வவுச்சரை அதில் சேர்த்தேன். விலையில் அது முதலில் கழிந்தது. அடுத்து, அதே கணக்கின் வாலட்டில் நான் போட்டு வைத்திருந்த தொகை. மீதி, தம்பியின் வங்கி அட்டையில். ஓடிபி அவன் கைப்பேசிக்கு வந்தது. தன் ஊரான குத்தாலத்திலிருந்தே படித்துச் சொன்னான்.

இயந்திரம் நசுங்கி வந்தது. திருப்பி அனுப்பினேன். சீர் வரிசைக்கு நாள் நெருங்கியதால், புதிதாக வாங்கத் தங்கையும் தம்பியும் என் வீட்டிற்கு வந்தார்கள். தம்பி என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான்.

"வாலட் நெறஞ்சு கெடக்கு. என் பையன் வவுச்சரும் இங்கதான் கெடக்கு. என் கார்டுக்கு மட்டும் ஏண்ணே வரல?"

"எது எங்கிருந்து போச்சோ, அங்கேயே திரும்பும். கார்டுக்கு பேங்க் வழியா வரணும். சில வேலை நாளாகும்."

"திருடறதுக்கும் காலேஜ்ல பாடம் எடுத்தாங்களா?"

அறைந்தேன். மறுகணம் என் கழுத்து அவன் பிடியில் இருந்தது. நாற்காலி முறிந்தது. பித்தளைக் குடத்தை அவன் தலையில் இறக்கினேன். அவன் முழங்கை என் வாயில் பாய்ந்தது. சட்டை முழுதும் இரத்தம். தெருவுக்குக் கேட்கக் கூடாதே என்று, கத்தாமலேயே அடித்துக்கொண்டோம்.

தங்கை வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"கொன்னுக்கிட்டாலும் சரி. ரெண்டு மாமனும் சேர்ந்து கொண்டாந்தாத்தான் அது சீர். ஒருத்தர் கொண்டாந்தா வாசல்லயே நிக்கட்டும்."

பல்லைத் துப்பிவிட்டு மீண்டும் வாங்கத் தொடங்கினேன். வவுச்சர் கழிந்தது, வாலட் கழிந்தது. மீதிக்கு என் அட்டையையே போட்டிருக்கலாம். ஆனால் அவன் பங்கின்றி அது சீராகாது. சேமித்து வைத்திருந்த அவன் அட்டையைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியை அவன் முன் நீட்டினேன். அட்டையின் பின்பக்க மூன்று எண்களை அவனே அழுத்தினான். திரையில் இரத்தம் படிந்தது. ஓடிபி அவன் சட்டைப்பையில் ஒலித்தது.

"நெல்லு வித்த காசு. இதுவும் போச்சுன்னா, வெட்டிருவேன்."

"படி."

ஒவ்வோர் எண்ணையும் என் முகத்தில் அறைவதுபோல் சொன்னான். கடைசி எண்ணுக்கு முன் நிறுத்தி, என் கண்களையே பார்த்தான். நானும் இமைக்கவில்லை. தங்கை அவன் முடியைப் பற்றி உலுக்கினாள்.

"ஏழு," என்றான்.