கண்ணாடிக்குள் அப்பாவின் முதுகு

குமணன்சாவடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் வேலை எனக்கு. இல்லாத ஆளைப் படத்தில் சேர்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஒரே மத்தியானத்தில் இறக்கி வைத்தாள்.

கோவில்பதாகையில் தையல் வேலை செய்யும் அவளுடைய அம்மா, போனில் ஒரு படத்தோடு வந்திருந்தார். பூந்தமல்லி ஜவுளிக்கடை வாசலில், ஷோகேஸ் கண்ணாடிக்கு முதுகு காட்டி அம்மாவும் மகளும் நிற்கிறார்கள். பக்கத்தில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் துபாயில் லாரி ஓட்டும் கணவர் வர வேண்டும்.

"மூணு வருசமா லீவு கெடைக்கலண்ணா. நாளைக்கி ஸ்கூல்ல குடும்பப் படம் கொண்டாரணுமாம். 'உனக்கு அப்பா இல்லையா'ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சாம். அதுலேருந்து இவ சரியா சாப்பிடல."

கணவர் நீலச் சட்டையில் நேராகப் பார்த்து நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதை வெட்டி ஒட்டி, வெளிச்சம் சரிசெய்து, தரையில் நிழல் போட்டேன். ஷோகேஸில் பிம்பம் விழ வேண்டுமே என்று, அதே படத்தை இடவலமாகத் திருப்பி, மங்கலாக்கிக் கண்ணாடிக்குள் வைத்தேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

மகள் திரையருகே வந்து விரலை நீட்டினாள்.

"அங்கிள், கண்ணாடியில என் கவுன் முடிச்சு தெரியுது. அம்மா வெச்ச பூ தெரியுது. அப்பாக்கு மட்டும் முன்னாடியும் மூஞ்சி, பின்னாடியும் மூஞ்சி!"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம்தான், ஆனால் என்மேல். பக்கவாட்டில் நின்று எடுத்த படம் அது. அதனால் கண்ணாடியில் அவர்களுடைய முதுகுப்புறம் விழுந்திருந்தது. கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் எப்படி அதில் தெரியும்? இத்தனை வருடம் எத்தனை பேருக்கு இப்படி ரெண்டு முகம் வைத்துக் கொடுத்தேனோ தெரியவில்லை.

"அப்பாவோட பின்பக்கம் வேணும்மா. அதே நீலச் சட்டை, அதே மாதிரி நிக்கணும். அவரோட வலது பக்கமா, பின்னாலேருந்து, நெஞ்சு உயரத்துல போனைப் பிடிச்சு யாரையாவது எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அந்த அம்மா உடனே குரல் பதிவு அனுப்பினார். பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீ வாங்கிவரச் சொல்லி நேரத்தைக் கடத்தினேன். பிறகு படம் வந்தது, கூடவே எனக்கென்று ஒரு குரல் பதிவும்: "தம்பி, பின்னாடி கொஞ்சம் முடி போட்டுடுப்பா. ஊட்ல சொல்லாத."

சொல்லாமல் இருக்க எங்கே வழி? அந்த அம்மாவின் போனில்தானே வந்தது, அவர் கையிலேயே ஒலித்தது. படத்தில் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை பளபளத்தது.

அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார். "இதுக்குத்தான் வீடியோல தொப்பி போட்டுகினே பேசுதா? வெயிலு, வெயிலுன்னு எத்தினி கதை!" சிரிப்பின் நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடி போடாதண்ணா. எப்டி கீதோ அப்டியே வை."

அந்தப் பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, கண்ணாடிக்குள் அவர்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தார்களோ அந்த அளவுக்குக் குறைத்தேன். கடைக்குள்ளே இருட்டாக இருந்த இடத்தில் சட்டை நன்றாகத் தெரியும்படி விட்டேன். விளக்கு எரிந்த இடத்தில் மறையவிட்டேன். கண்ணாடி முழங்கால் உயரத்தில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே டைல்ஸ் சுவர், அதனால் காலை வெட்டிவிட்டேன். முடிச்சுக்கும் பூவுக்கும் பக்கத்தில் லேசாக மினுங்கும் ஒரு வழுக்கை.

மகள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இப்ப நிக்கிறாரு" என்றாள். எனக்கு யாரும் அப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

படத்தைக் கணவருக்கு அனுப்பியதும் பதில் வந்தது: "இன்னாப்பா, முடி போடலியா?"

"போடல. தொப்பிய கழட்டிட்டுப் பேசுய்யா இனிமே" என்று அந்த அம்மா பதில் பதிவு அனுப்பினார்.

பிறகு வீடியோ அழைப்பு வந்தது. தலையில் தொப்பி இல்லை. கூச்சத்தோடு சிரித்தார்.

மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ப்பா, திரும்பு."

அவர் மெல்லத் திரும்பிக் காட்டினார்.