ஏழு நாளைக்குள் வந்தால்

மலேசியாவில், கோல சிலாங்கூர் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் கூட்டித் துடைத்து, நம்பர் அட்டை கொடுக்கும் வேலை எனக்கு. யாரிடமும் சத்தமாகப் பேச மாட்டேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்.

திரும்பி வருகிறவர்களிடம் சில நாள் காசு வாங்குவோம், சில நாள் வாங்க மாட்டோம். கவுண்டரில் தினமும் வாக்குவாதம். அதனால் டாக்டரம்மா ஒரு முடிவு செய்தார். பார்க்கும் கட்டணம் முப்பது ரிங்கிட், எங்கள் பேச்சில் முப்பது வெள்ளி. அதே நோய்க்கு ஏழு நாளைக்குள் திரும்பி வந்தால் பார்ப்பதற்குக் காசில்லை, மருந்துக்கு மட்டும் தனி. மூன்று மொழியில் எழுதிய அட்டையை நான்தான் சுவரில் ஒட்டினேன். வந்த நாளையும் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்று எனக்கு அப்போதே குழப்பம். கேட்க வெட்கப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை தொண்டை வலியென்று எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தபோது, "பாதியில விடாதீங்க, முழுசா முடிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தது நான்.

சனிக்கிழமை மறுபடி வந்தார். கையெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"அன்னிக்குத் தொண்டை, இன்னிக்கு அரிப்பு. வேற நோய்லா ஆன்டி. புதுசா முப்பது வெள்ளி" என்றாள் கவுண்டர் பெண்.

"தொண்டையும் தோலும் ஒரே உடம்புலதானம்மா இருக்கு? ஒண்ண மட்டும் கழட்டி வீட்ல வச்சிட்டு வர முடியுமா?"

அவள் சிரித்துவிட்டுச் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள். அந்த அம்மா பையைத் தூக்கினார். "சரி, ரெண்டு நாள் மாத்திரை பாக்கி இருக்கு. இந்த அக்கா சொன்ன மாதிரி முடிச்சிட்டுப் பாக்குறேன்."

அட்டைப்படி கவுண்டர் பெண் சொன்னது சரிதான். முழுசாக முடிக்கச் சொன்னதும் டாக்டரம்மா சொல்லித்தந்தபடிதான். அப்புறம் எது தப்பு? துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்கதவைத் தட்டினேன். "மாத்திரை சாப்பிட்டு உடம்பு தடிச்சவங்க, வீட்டுக்குப் போறாங்க."

டாக்டரம்மா எழுந்தே வந்துவிட்டார். உதடு வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். இல்லை. "அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க." அந்த மாத்திரை ஆகாது என்று அந்த அம்மாவின் சிகிச்சை அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்.

பிறகு கவுண்டரில் சொன்னார்: "நாம கொடுத்த மருந்தால வந்தது பழைய நோய்க்கணக்குதான். அதே நோயா, புதுசான்னு நான் பார்த்த பிறகுதான் தெரியும். ஏழு நாளைக்குள்ள வந்தவங்கள முதல்ல உள்ள அனுப்புங்க. காசு உண்டா இல்லையான்னு நான் சீட்டுல எழுதுறேன்."

அடுத்த திங்கட்கிழமை, தடிப்பு ஆறிய கையோடு அந்த அம்மா வந்தார். "அக்கா, இன்னிக்கு ஏழா, எட்டா?"

விரல் விட்டு எண்ணினேன். ஒரு தரம் ஏழு, இன்னொரு தரம் எட்டு.

"எனக்கும் தெரியலம்மா" என்று நம்பர் அட்டையை நீட்டினேன். "நீங்க முதல்ல உள்ள போங்க."