ரத்தாகாத செட்டில்மெண்டு

மலாயாவில் குளுவாங் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, ஊரில் இருந்த என் நிலத்தை விதவைத் தங்கைக்குச் செட்டில்மெண்டாக எழுதிவைத்தேன். தானப் பத்திரமென்றால் கிரயத்துக்கு உண்டான முத்திரைச் செலவு. குடும்பத்துக்குள் செட்டில்மெண்டு என்றால் குறைவு. அதோடு, செட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்யலாம் என்று யாரோ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

என்னைக் கேட்காமல் அவள் தன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாள். கொதித்துப்போய், பத்திரத்தை ரத்து செய்யக் கப்பலேறினேன்.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தானமோ செட்டில்மெண்டோ, இதுல ரெண்டும் ஒண்ணுதாங்க. நிபந்தனை எதுவும் எழுதல; அவங்க ஏத்துக்கிட்டாங்க, ரிஜிஸ்தரும் ஆயிருச்சு. ஏமாத்தி, மிரட்டி வாங்கினாங்கன்னு கோர்ட்டுல நிரூபிச்சாத்தான் ரத்தாகும். இல்லேன்னா அவங்களா உங்க பேருக்குத் திருப்பி எழுதித் தரணும்."

"நான் குடுத்ததுய்யா அது!" என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

நான் வந்த காரியம் தெரிந்து, பின்னால் தங்கை வந்து நின்றிருந்தாள், கையில் புது முத்திரைத்தாளோடு.

"எழுதச் சொல்லுங்கண்ணே, கைநாட்டு வெக்கிறேன். கல்யாணத்துக்கு மட்டும் இருந்துட்டுப் போங்க."

அந்தத் தாளை எழுதாமலே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கல்யாணத்தில் தாய்மாமனாக முன்னால் உட்கார்ந்தேன். தங்கைக்கு நிலம் கொடுத்த மனுஷன் என்று வந்தவர்களெல்லாம் கும்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற அவளும், ஆமாம் என்று தலையாட்டினாள்.