மாட்டுப்படிக்குக் கீழே குழாய் இறங்காது

சண்டைக் காலத்தில் ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும், பருத்திப்பட்டு ஏரியில் லாரிகள் தண்ணீர் மொள்ள ஆரம்பித்தன. முதுகில் தொட்டி கட்டிய லாரிகள். விடிந்தால் உறுமல்தான். அதில் ஒன்று என் செவலைக் காளையைக் கொன்றது. தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. கரை வளைவில் உள்ளே இருந்த தண்ணீர் ஒரே பக்கமாகச் சாய்ந்து அடிக்க, வண்டியும் கூடவே மாட்டின் மேல் சாய்ந்துவிட்டது. ஜோடியில் ஒன்று போனால் உழவு ஏது? அன்று முதல் லாரிச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் ஓவர்சியர் ஏரியிலிருந்து முகாமுக்குக் குழாய் போடப் போவதாகச் சொன்னபோது, நான் துள்ளிக் குதிப்பேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். முகாம் வேலைகளுக்குப் பொறுப்பான ஓவர்சியர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனிதர்தான். பள்ளம் தோண்ட ஆள் வேண்டும் என்று ஊரைக் கூட்டிப் பேசினார்.

“லாரிக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை, டயர் கிடைக்கவில்லை. ஏற்றும் தண்ணீரில் கொஞ்சம் வழியிலேயே சிந்துகிறது. குழாய்க்குப் போடும்போதுதான் பெரிய செலவு. அப்புறம் பம்புக்கு எண்ணெய் ஊற்றினால் போதும். ராத்திரி பகல் ஓடும். யார் மாடும் சாகாது.”

எல்லாம் நியாயம். அந்த “ராத்திரி பகல்”தான் என் காதில் முள்ளாகக் குத்தியது.

எங்கள் மதகில் கல்படிகள் உண்டு. அடியிலிருந்து மூன்றாவதை மாட்டுப்படி என்போம். தண்ணீர் அதுவரை இறங்கிவிட்டால் மதகை அடைத்துவிடுவோம். எவன் பயிர் காய்ந்தாலும் திறக்கக் கூடாது. மிச்சத் தண்ணீர் மாடு கன்றுக்கு. ஒரு வருஷம் என் நெல்லே கதிர் வரும் நேரத்தில் அப்படிக் கருகியது. அழுதேனே தவிர, திற என்று கேட்கவில்லை.

கூட்டத்தில் எழுந்தேன். பொம்பளை பேசுகிறாளே என்று நாலு பேர் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

“லாரிக்கு ஓய்ச்சல் வரும் சார். டிரைவருக்குத் தூக்கம் வரும். உன் கொழாய்க்கு இன்னா வரும்? ஒரு கோடையில ஏரிய உறிஞ்சிட்டுப் பூடும். அது வாய மாட்டுப்படி மேல வையி. இல்லாங்காட்டி ஒரு மம்பட்டியும் மண்ணுல எறங்காது.”

“ஏம்மா, இவ்வளவு பெரிய ஏரி அந்தப் படிவரைக்கும் வற்றவா போகிறது?” என்று சிரித்தார் அவர்.

“வத்தாதுன்னா வெக்கறதுக்கு உனக்கு இன்னா நோவு?”

எங்கள் ஆட்கள் இல்லாமல் பள்ளம் தோண்ட முடியாது. ஒப்புக்கொண்டார். சல்லடை மாட்டிய குழாய் வாயை மாட்டுப்படியின் மேலேயே கல் வைத்துக் கட்டினார்கள். லாரிகள் நின்றன. நாள் முழுக்க லாரிகள் சுமந்ததைக் குழாய் காலைக் கஞ்சி வேளைக்குள் கொண்டுபோய்விடும் என்று என் வீட்டுக்காரர் வியந்தார். வியக்கத்தான் வேண்டும். எனக்குப் பயமும் கூடவே இருந்தது.

மழை பொய்த்த அடுத்த கோடையிலேயே ஏரி மாட்டுப்படிக்கு இறங்கிவிட்டது. குழாய் தண்ணீரோடு காற்றையும் இழுத்துக் கொரகொரவென்று கத்தியது. பம்பு இழுக்க முடியாமல் நின்றது. ஓவர்சியர் ஆட்களோடு வந்தார்.

“இரண்டு அடி இறக்கினால் போதும்” என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் போய்க் குழாயின் மேல் உட்கார்ந்தேன். வெயிலில் இரும்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. எழுந்திருக்கவில்லை. கூலிக்கு ஸ்பானர் பிடித்து வந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் ஸ்பானரைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

“பட்டாளத்துக்காரன் தாகத்தில் சாகணுமா?” என்று கத்தினார் ஓவர்சியர்.

“ஏன் சாவணும்? பூந்தமல்லி ரோட்டாண்ட கெணறு கெணறா கீது. லாரிய அனுப்பு. நடைக்கு நடை செலவாவும், நோவும். நோவட்டும். அப்பதான் அளவா எடுப்பீங்கோ.”

போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு என்றேன். தண்ணீர் மாட்டுப்படியைத் தொட்டு நிற்பதைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் லாரிகள் திரும்ப ஓடின. முன்னால் வந்தது கரையருகே ஆவி கக்கிக்கொண்டு நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் ஓவர்சியர். தண்ணீர் கொண்டுவரப் போகும் வண்டியின் இஞ்சினுக்கே தண்ணீர் இல்லை. நான் ஒற்றைக் காளையைத் தண்ணீர் காட்ட இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையில் வாளியோடு இறங்கி வந்து, படியில் தயங்கி நின்றார்.

“எடுக்கலாமா?”

“மாடு குடிச்சி முடிக்கட்டும்” என்றேன்.

நின்றார்.