காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் தெருத் தபால்காரரின் சைக்கிளில் செயின் கவர் கழன்று எதன் மீதோ இடித்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். எங்கள் வீட்டுக்கு முந்தின வீட்டில் சத்தம் நின்றால், அடுத்தது நமக்குத்தான் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த மனுஷன் எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் வேகமாக மிதிப்பதாக எனக்குத் தோன்றும். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் நான் மனசுக்குள் அதிகமாகத் திட்டிய ஆள் அவர்தான்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு தறிகள். என் வீட்டுக்காரர் தானே நூலுக்குச் சாயம் போட்டு ஒன்றில் நெய்வார், இன்னொன்றில் கூலிக்கு ஒருவர். தறி நாடாவில் போடும் நூலை மாமியார் தார் சுற்றிக் கொடுப்பார். நெய்த சேலையெல்லாம் மதுரையில் ஒரே கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரர்கள் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்துக் கடையை மூடியதும் எங்கள் பிழைப்பும் கூடவே மூடிக்கொண்டது. கூலிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இவருடைய பங்காளி ஒருவர் பம்பாய்ப் பக்கம் விசைத்தறியில் இருந்தார். "வந்துரு, இடம் இருக்கு" என்று சொல்லியனுப்பினார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம்கூட முடியவில்லை. பம்பாய்க்குப் போன ஆண்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று திருச்சுழியில் என் பிறந்த தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு பெட்டியோடு வருவார்கள், பிள்ளைகள் யாரோ என்று ஓடி ஒளியும்.

"தை முடியட்டும். அதுக்குள்ள ஒரு கடையாச்சும் ஆர்டர் குடுத்தா இருக்கேன். இல்லாட்டி தறியக் குடுத்துட்டுப் போறேன்" என்றார் இவர்.

நான் பள்ளி இறுதி வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கடைகளுக்குக் கடிதம் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அரக்குச் சிவப்பில் வெள்ளைக் கட்டம் போட்ட எங்கள் சேலையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு வெட்டி, ஒரு கடிதத்தோடு காக்கிக் கவரில் வைத்து அனுப்புவோம். விலாசத்துக்கு எங்கே போவது? கல்யாண வீடுகளில் யார் யாரோ கொண்டுவரும் ஜவுளிக்கடைப் பைகளில்தான். கோயம்புத்தூர், திருநெல்வேலி, சேலம் என்று பையில் அச்சடித்திருப்பதைப் படித்து, வீட்டுக்கு வந்ததும் குறித்துக்கொள்வேன். மொய் எழுதுகிறவரைவிட நான் மும்முரமாக இருந்தேன் என்று இவர் கேலி செய்வார்.

கேலி செய்ததெல்லாம் சித்திரை, வைகாசியில். ஆடி வந்தும் ஒரு பதிலும் இல்லை. வேண்டாம் என்றுகூட ஒருவரும் எழுதவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். பேசாமல் இருப்பவர்களை என்ன செய்வது?

சந்தைக்கென்று ஒன்றிரண்டு சேலை நெய்துவிட்டு, சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் இவர் கேட்பார். "ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல."

இந்த ஒரு வார்த்தையைத் தினமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. கடிதம் எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. ஒருநாள் எரிச்சலில் சொன்னேன்: "வரல. ஆனா இன்னைக்குக் கடுதாசிய ரெண்டு பக்கத்துலேர்ந்து ஒரு பக்கமாக் கொறச்சிருக்கேன். கடைக்காரவுகளுக்கு நம்ம குடும்பக் கதையெல்லாம் எதுக்கு?"

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுஞ்சரிதான்" என்றார். அந்த "சரிதான்" எனக்கு ஒரு வாய் மோர் குடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை காலண்டரில் தேதித் தாளைக் கிழித்தபோது அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் அதை எழுதினேன்: "கடிதம் ஒரு பக்கமானது." ரசீது குத்தும் கம்பி ஒன்று சும்மா கிடந்தது. அதில் குத்தி வைத்தேன். அன்றிலிருந்து தினம் ஒரு தாள், ஒரு வரி. அன்றைக்கு நடந்த நல்லது, எவ்வளவு சின்னதானாலும் சரி. நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும், நடக்கப் போவதை எழுதக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஒருநாள் ஆசையில் "இந்த வாரம் கட்டாயம் பதில் வரும்" என்று எழுதிவிட்டேன். அந்த வாரமும் வராமல் போனபோது அந்த ஒரு தாள் மற்ற எல்லாத் தாளையும் பொய்யாக்கிவிட்டது போல இருந்தது. உருவிக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

"சேலத்து விலாசம் ஒன்று கிடைத்தது." "கவர் எடை குறைந்து தபால் தலை மிச்சம்." "வீரசோழனில் ஒரு கடைக்காரர் இவரை உட்காரவைத்து டீ கொடுத்து, சேலையைப் பிரித்துப் பார்த்தார்." அவர் வாங்கவில்லைதான். ஆனால் பிரித்துப் பார்த்தாரே. சில நாள் ஒன்றுமே தேறாது. அன்றைக்கு "ஒரு கவர் போட்டேன்" என்று எழுதுவேன். அவர்கள் எழுதுவது அவர்கள் கையில், நான் போடுவது என் கையில். மனசு ரொம்பவும் விழும்போது கம்பியிலிருந்து தாள்களை உருவி முதலிலிருந்து படிப்பேன். படித்து முடித்ததும் அடுத்த கவரை எடுக்கத் தெம்பு வரும். அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. எனக்கு அது போதும்.

இவருக்குப் போதவில்லை. தீபாவளிக்கும் ஒன்றும் வராமல் போன ஆத்திரத்தில், ஒரு மத்தியானம் கம்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ செஞ்சது. அவுக செஞ்சது ஒண்ணாச்சும் இருக்கா? தாள் நெறஞ்சா தறி ஓடுமா?"

சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னதில் உண்மை இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, செய்தேன் செய்தேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் எனக்கும் வந்துவிட்டது.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. திருநெல்வேலிக் கடை ஒன்றிலிருந்து கவர். நான் அனுப்பிய துண்டே திரும்பி வந்திருந்தது. கூட ஒரு சீட்டு: "சாயம் நிற்கவில்லை. தண்ணீர் பட்டதும் மஞ்சள் இறங்குகிறது. இந்தச் சரக்கு வேண்டாம்."

இவர் முகம் செத்துவிட்டது. நெசவுக்காரரிடம் சாயம் நிற்கவில்லை என்பது, சமைத்தவளிடம் சோறு ஊசிப்போச்சு என்பது மாதிரி. "என் சாயத்தையா சொல்றான்?" என்று சீட்டைக் கசக்கி அடுப்புக்குள் எறியப் போனார். நான் பிடுங்கினேன்.

"குடுங்க. நான் எழுதணும்."

"இதையுமா? வேண்டாம்னு சொன்னதையுமா எழுதுவ?"

"அவுக செஞ்சது ஒண்ணாச்சும் இருக்கான்னு கேட்டீகள்ல? இருக்கு. இதான்."

வீம்புக்குத்தான் சொன்னேன். தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான், இதில் நல்லது என்று எதை எழுதுவது என்று முழித்தேன். ஒரு வரிக்காகச் சீட்டைத் திரும்பவும் படித்தேன். மஞ்சள் இறங்குகிறது. இன்னொரு தடவை படித்தேன்.

"ஏங்க, நம்ம சேலையில மஞ்சள் நூலே கெடையாதே."

இவர் அடுப்படியிலேயே நின்றார். துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தோம். ஒரு மூலையில், வெள்ளைக் கட்டத்தில் மட்டும், திட்டாக ஒரு மஞ்சள். ஈர விரலால் தேய்த்தேன், விரலில் ஒட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாமி மாடத்தைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே மறுநாள் போட வேண்டிய கவர், நான்கு மூலையிலும் என் மாமியார் குழைத்துத் தடவிய மஞ்சளோடு காய்ந்துகொண்டிருந்தது. பிரித்தோம். மஞ்சள் கவரைத் தாண்டி உள்ளே துண்டில் ஊறியிருந்தது.

சித்திரையிலிருந்து ஒரு கவரைக்கூட அத்தை மஞ்சள் வைக்காமல் விட்டதில்லை. மூலையில் மஞ்சள் இல்லாமல் போகிற கடுதாசி கருமாதிக் கடுதாசி என்பது அவர் கணக்கு. தன் பிள்ளை பிழைக்கப் போடுகிற கடிதத்தை அப்படி அனுப்புவாரா? யார் போய் அவரிடம் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு சண்டை. கடைசியில் நான்தான் துண்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்துச் சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"நாந்தான் எம்புள்ளய ஊரவிட்டு வெரட்டுறனா தாயி?"

"அப்பிடியெல்லாம் இல்லத்தே" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைய தாளில் "ஏன் பதில் இல்லை என்று தெரிந்தது" என்று எழுதினேன்.

எல்லாக் கடைக்கும் முதலிலிருந்து புதுத் துண்டு அனுப்பினோம். 'முன்பு அனுப்பியதில் பட்டது கவரில் வைத்த மங்கல மஞ்சள். இதை நனைத்துப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். அத்தை கவரைத் தொடவே இல்லை. ஆனால் தெருமுனையில் இருந்த தபால் பெட்டியின் மண்டையில் நாலு மஞ்சள் பொட்டு முளைத்திருந்தது.

மார்கழி முழுக்க ஒன்றும் வரவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பதில் ஓடி வரும் என்று நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். முன்னைவிட அதுதான் கொடுமையாக இருந்தது. இப்போது சாக்குச் சொல்லக்கூட ஒன்றும் இல்லையே. தாளில் "கவர் போட்டேன்", "கவர் போட்டேன்" என்றே வந்தது. பொங்கலும் போனது. தறியை விலைக்குக் கேட்டுப் பரளச்சியிலிருந்து ஒருவர் வந்து, கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாசி முதல் தேதி வண்டியோடு வருவதாகச் சொன்னார். இவர் தகரப் பெட்டியைத் துடைத்தார். அவர் சட்டைகளை நான் மடித்து வைத்தேன்.

தை கடைசி. இவருக்கு மத்தியானம் மதுரை பஸ். சமையல் ஆகிக்கொண்டிருந்தது. சைக்கிள் சத்தம் வந்தது, நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் போய் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். கார்டு. அதே திருநெல்வேலிக் கடை. நனைத்துப் பார்த்தார்களாம், சாயம் நிற்கிறதாம். பார்வைக்கு அரை டஜன் சேலை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். விற்றால் மேற்கொண்டு எழுதுவார்களாம்.

சத்தமாகப் படித்தேன். இவர் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டார்.

"அரை டஜனா?"

"ஆமா."

ஒரு தறிக்கே காணாது. அது மூன்று பேருக்கும் தெரியும். சந்தோஷப்படவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, யாரும் போய் இறக்கவில்லை. இவர் கார்டை வாங்கி மறுபடி படித்தார். பெட்டியைப் பார்த்தார். 'போறேன்' என்று சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். அங்கிருந்து குரல் வந்தது.

"இந்தா, அரக்கு நூலு எம்புட்டு இருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தார். "எழுது தாயி, மொதல்ல அத எழுது" என்றார். காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தேன். அவசரத்தில் என் முத்து எழுத்து கோழிக் கிறுக்கலாக வந்தது.

"அரக்கு நூல் எவ்வளவு இருக்கு என்று கேட்டார்."