இரங்கல் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது

இரங்கல் கூட்டங்களைக் கவனிப்பது எனக்கு ஒரு பழக்கம். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். துக்கம் இல்லாமல் போவதில்லை, துக்கத்தோடுதான் போவேன். ஆனால் உட்கார்ந்ததும் என் மூளை தன் வேலையைத் தொடங்கிவிடும். மைக்கை முதலில் யார் பிடிக்கிறார்? இறந்தவரைப் பற்றிப் பேச வந்தவர் எத்தனையாவது வாக்கியத்தில் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்? பெரும்பாலும் மூன்றாவது. ஒருவர் முதல் வாக்கியத்திலேயே ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி என்று யோசித்து யோசித்துப் பார்த்ததில், அவர்கள் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத் தலைவர்கள் மேல் திரும்பியது. பேசுகிறவருக்கு எல்லை எங்கே என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர் தலைவர். அவரோ, "இப்போது அண்ணன் பேசுவார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

நான் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் பத்தொன்பது வருடம் தினமும் ரயிலில் வந்து குமாஸ்தா வேலை பார்த்தவள். நான்கு வருடத்துக்கு முன் பெங்களூரிலேயே, லிங்கராஜபுரத்தில் வீடு பார்த்துக்கொண்டு அந்த ஓட்டத்தை நிறுத்தினேன். அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு குடும்பம் மாதிரி. எங்கள் பெட்டிக்கு என்று ஒரு சட்டம் உண்டு. மூப்பு என்பது வயதிலும் இல்லை, உத்தியோகத்திலும் இல்லை. சீசன் டிக்கெட் எடுக்க ஆரம்பித்த வருடத்தில் இருக்கிறது. வெளியே மேனேஜராக இருப்பவர், நேற்றுதான் பாஸ் எடுத்தவர் என்றால், கதவோரம் நிற்பார். முப்பது வருடமாக வருகிற பெயின்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

ஆனால் அதே சட்டத்தை இரங்கல் கூட்டத்துக்கும் கொண்டுபோனார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பெட்டிக்காரர் ஒருவர் இறந்தபோது கூட்டம் போட்டார்கள். மூப்புப்படி பேச்சு. பெட்டியிலேயே மூத்தவர் முதலில் எழுந்தார். நல்ல மனுஷர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், குரல் கணீரென்று இருக்கும். தான் முதன்முதலில் ரயில் ஏறிய நாளில் ஆரம்பித்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்தி வந்தார். அவர் பாதி வழிகூட இல்லாத பங்காருப்பேட்டை வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு அடுத்த மூத்தவர். அப்புறம் மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறந்தவரின் தங்கை எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பர்சில் வைத்ததை நான் பார்த்தேன். இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

இந்த வருடம் இன்னொருவர் போனார். லேத் பட்டறையில் ஃபிட்டர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். காலை வண்டியில், மாலூர் தாண்டி, உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. லிங்கராஜபுரத்தில் ஒரு சர்ச் ஹாலை ஞாயிறு மதியத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். தலைமை என்னை ஏற்கச் சொன்னார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. ரயிலை விட்டுப் போனவள் என்பதால் நான் மூப்பு வரிசையிலேயே இல்லை. என்னைப் போட்டால் யாருக்கும் வயிறு எரியாது, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு இறந்தவரின் மனைவி போன் செய்தார். நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம்.

"எனக்கு மாலையும் வேணாம், போட்டோவும் வேணாம். கடைசீல அவர் பக்கத்துல யாரு இருந்தாங்க, எப்படிப் போனாருன்னு அவங்க வாயால கேக்கணும். டாக்டர் சொன்னது இங்கிலீஷ்ல இருக்குது. அது எனக்கு எதுக்கு?"

பக்கத்தில் இருந்தது யார் என்று பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாக இருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பாஸ் எடுத்து இரண்டு வருடம்தான். அடக்கத்துக்கு அவர் வரவில்லை. அண்ணி பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியும் போகவில்லை. நான் கூப்பிட்டேன்.

"வரேன்க்கா. ஆனா பேசறதுன்னா… நான் எல்லாருக்கும் அப்புறம்தானே. பாக்கலாம்."

எல்லாருக்கும் அப்புறம் என்றால் பதினான்காவது ஆள். அதற்குள் அண்ணி மாலை வண்டிக்காகக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்திருப்பார். அவரை முன்னால் கூப்பிட்டால் மூத்தவர்களுக்கு அவமானம். அவரும் கூச்சத்தில் எழுந்து போய்விடுவார். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த மூத்த சங்கத்துக்காரர் முகம் சிவக்கும். இரண்டு ராத்திரி இதே யோசனை. சமையலில் உப்பு இரண்டு தடவை போட்டேன்.

விஷயம் வரிசையில்தான் இருந்தது. மூப்பைத் தூக்கி எறிய வேண்டாம், திருப்பிப் போட்டால் போதும். இறந்தவரைக் கடைசியாகப் பார்த்தவரிலிருந்து தொடங்கி, முதன்முதலில் பார்த்தவர் வரைக்கும் பின்னோக்கிப் போவது. அப்படிச் செய்தால் புதியவர் முதலில் பேசுவது அவர் மூத்தவரைத் தாண்டுவதாகாது. முடித்து வைக்கும் கௌரவம் மூத்தவருக்கே போகும். ஆனால் இதை மேடையில் திடீரென்று சொல்லக் கூடாது. சங்கத்துக்காரர் வீட்டுக்குப் போய் முன்கூட்டியே கேட்டேன்.

"கடைசீல நானா? அதுக்குள்ள அல்லாரும் எழுந்து பூடுவாங்கம்மா."

"போகமாட்டாங்கண்ணா. அஞ்சு மணிக்கு நீங்க பேசுவீங்க, அஞ்சேகாலுக்குக் கூட்டம் முடியும். அது என் பொறுப்பு. ஆனா உங்களுக்கும் மூணு நிமிஷம்தான்."

"மூணுன்னா நாலா?" என்று கேட்டார்.

"மூணுன்னா மூணு."

சரி என்பது மாதிரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஹாலுக்குப் போனேன்.

தலைவரின் முதல் வார்த்தைகள் நீண்டால் அதற்குப் பிறகு யாரையும் குறைக்கச் சொல்ல வாய் வராது. அதனால் என் பேச்சை எழுதி, சமையலறை கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். இறந்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். அதற்கு மனசே வரவில்லை. ஆனால் முதலிலேயே நான் சொல்லிவிட்டால் பின்னால் வருகிறவர் எதைச் சொல்வார்? ஞாயிறன்று ஹாலில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். உட்கார்ந்த பிறகு பேசினேன். கிட்டத்தட்ட இப்படித்தான்:

"அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். நீங்கள் எங்களுக்காக வந்ததற்கு நன்றி. இன்றைக்குப் பதினான்கு பேர் பேசுகிறோம். அவரோடு கடைசி நாள் பயணம் செய்தவர் முதலில் பேசுவார். அங்கிருந்து ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போவோம். அவர் முதன்முதலில் பெட்டியில் ஏறியபோது இடம் கொடுத்தவர் கடைசியில் பேசி முடித்து வைப்பார். வரிசைக் காகிதம் இதோ இருக்கிறது. பட்டம், பதவி எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன், அதற்கு மன்னிக்கணும். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். அவரைப் பற்றிச் சொல்ல குறைவாக இருக்கிறது என்று இல்லை. எல்லார் வாயிலும் அவர் வரணும் என்றுதான். நீங்கள் நேரில் பார்த்த ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். முன்னால் பேசியவர் அதைச் சொல்லிவிட்டால், 'எனக்கும் அதுதான்' என்று சொல்லி உட்கார்வதும் மரியாதைதான். தமிழோ கன்னடமோ, எது வருகிறதோ அதில் பேசலாம். மூன்று நிமிடம் ஆனதும் நான் எழுந்து நிற்பேன். மணி அடிக்க மாட்டேன். பேச முடியாதவர்களுக்கு அந்த மேஜையில் நோட்டு இருக்கிறது, எழுதுங்கள். வீட்டுக்குப் போகும்போது அண்ணி அதை எடுத்துப் போவார். குடும்பத்தார் பேசியே ஆகணும் என்று இல்லை. தோன்றினால், எப்போது தோன்றினாலும், வரிசையை நிறுத்திப் பேசலாம்."

பின்வரிசையில் ஒருவர் தன் கையிலிருந்த நான்கு தாள்களில் மூன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

செக்யூரிட்டி வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டேன். உடனே எழவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் தனக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா என்று அவர் பார்த்தது போலிருந்தது; யாரும் இல்லை. சங்கத்துக்காரர்தான், "போப்பா, நீ போனாதான் நாங்க வர முடியும்" என்றார். வந்தார். மைக்கைத் தொடவில்லை.

"மாலூர் தாண்டனதும் என் தோள் மேல சாஞ்சாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். டெய்லி கொஞ்சம் தூங்குவாரு. எழுப்ப வேணாம்னு நான் ஆடாம அசையாம உக்காந்துகினு இருந்தேன். கை மரத்துப் போச்சு, அப்பவும் எடுக்கல. ஒயிட்ஃபீல்டுல நான் எறங்கணும். அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேன். அப்பதான்…"

பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"அவர் ஒண்ணும் சொல்லல அண்ணி. நோவுன்னு சொல்லல. நான் முன்னாடியே எழுப்பி இருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கினு போயிருக்கலாம். அதான் உங்க மொகத்தப் பாக்க வரல."

இதுதான் அவர் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றுகூடப் பேசியிருக்கிறோம். நானும்தான் பேசினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அண்ணி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். மைக்கை எடுக்கவில்லை. அவருக்கு எதிரில் நின்றார்.

"எந்தத் தோளு?"

அவர் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். அண்ணி அங்கே கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"முப்பது வருஷமா காலைல நாலு மணிக்கு அவர எழுப்பனது நான்தாம்பா," என்றார். "வண்டி பூடும், வண்டி பூடும்னு. ஒரு நாளு நல்லா தூங்கட்டும்னு நான் வுட்டதில்ல. நீயாவது வுட்டியே."