சுவர்ப்பக்கம்

என் இடது இடுப்பு கெட்டதற்குக் காரணம் என் கணவர். ஆர்த்தோ டாக்டர் அப்படி எழுதித் தரவில்லை. அவர் எழுதித் தந்தது பர்சைட்டிஸ் என்ற ஒரு சொல்லும், மந்தைவெளியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் முகவரியும்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், மகளின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டாரிடம் முகூர்த்த நாளைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்க எங்கிட்ட பேசுங்க" என்றார் இவர். கூடம் முழுக்கச் சிரித்தது. இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக நின்றவளுக்கு ஒன்றும் தெரியாதாம்! அன்றிலிருந்து அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, இடது பக்கமாகவே படுத்தேன். அவரும் முதுகைக் காட்டினார். பகலில் காய்கறி, கேஸ், கரண்ட் பில் என்று பேசிக்கொள்வோம். அதோடு சரி.

பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். உயிர் போயிற்று.

"இங்கதான். எலும்புக்கும் தசைக்கும் நடுவுல சின்னப் பை ஒண்ணு இருக்கு மேடம், உரசாம இருக்கறதுக்கு. அது வீங்கியிருக்கு. கிளாஸ்ல எப்படி நிப்பீங்க, நின்னு காட்டுங்க."

நின்றேன். பாரமெல்லாம் இடது காலில். படுப்பதும் இடது பக்கம்தான் என்றேன்.

"அதுவும் காரணம். நைட்ல அந்தப் பக்கமே படுத்து நசுக்கறீங்க, அதுவும் காரணம். எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களா?"

போனில் பார்த்துக் கற்றதைச் செய்து காட்டினேன். ஒரு காலைப் பின்னால் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து இழுப்பது. வலிக்க வலிக்க இன்னும் இழுப்பேன். எனக்கு ரோஷம் அதிகம்.

"ஐயோ, அதை முதல்ல நிறுத்துங்க. கால் குறுக்க போனா அந்தப் பை இன்னும் நசுங்கும். கால் மேல கால் போட்டும் உக்காராதீங்க."

அதற்குப் பதிலாக, மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்கச் சொன்னாள். கடைசியில் படுக்கும் விதத்துக்கு வந்தாள்.

"வலது பக்கம் படுங்க. முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் ரெண்டு காலுக்கும் நடுவுல கெட்டியா ஒரு தலகாணி. அது இல்லேன்னா மேல் கால் முன்னால சரிஞ்சு இடுப்பை இழுக்கும், திரும்ப வலிக்கும்."

வலது பக்கம் என்றால் அவர் பக்கம். மல்லாந்து படுக்கலாம், ஆனால் குறட்டை விடுவேன். அவர் கட்டிலை உதைப்பார். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால், சர்க்கரை வியாதிக்காரர் நாலு தடவை எழுந்து போக வேண்டும், ஓரம் அவருக்குத்தான். ஹாலில் மகன் படுக்கிறான். கணக்கு டீச்சர் அல்லவா, வழி கண்டுபிடித்தேன். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். வலது பக்கம் படுத்தாலும் சுவர்தான் தெரியும்.

அவர் விளக்கைப் போட்டார். "வடக்க தலை வச்சுப் படுக்கறியே, இந்த வீடு விளங்கணுமா வேணாமா?"

"உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு வடக்கு தேவலை."

"எழுந்திரு முதல்ல!"

பாத்ரூம் போக எழுந்த மகன் அறை வாசலில் நின்று பார்த்தான். அவமானமாக இருந்தது. தெற்கே தலையைத் திருப்பினேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து, வலது பக்கம் படுத்து, அவர் முதுகை முறைத்துக்கொண்டே தூங்கினேன்.

முதுகுதான் தெரிந்தது என்பதால் பிழைத்தேன். ஒன்றரை மாதத்தில் வலி பாதியானது. வகுப்பில் இரண்டு காலிலும் நின்றேன். எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பெண் சொன்னதெல்லாம் சரி.

ஒருநாள் விடிகாலை கண் விழித்தபோது அவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அவரும் விழித்திருந்தார். ஐந்து வருடம் கழித்து ஒரு சாண் தூரத்தில் அந்த முகம்.

"இடுப்பு எப்படி இருக்கு?" என்றார்.

இதற்காகத்தான் காத்திருந்தேனோ என்று என் மேலேயே கோபம் வந்தது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நிச்சயதார்த்தத்துல அப்படிச் சொன்னீங்களே, அது தப்புன்னு உங்களுக்கு ஒருநாள்கூடத் தோணலையா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார்.

"என்ன சொன்னேன்?"

நடிக்கவில்லை. நடிப்பு என்றால் எனக்குத் தெரிந்திருக்கும்.

முழங்கால்களுக்கு நடுவே இருந்த தலையணையை உருவி, அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே நிறுத்தினேன். அந்தப் பெண் சொன்னபடியே கால் சரிந்தது, இடுப்பு வலித்தது. பால்காரர் மணி அடிக்கும் வரை அசையாமல் கிடந்தேன்.

அன்று பள்ளி விட்டதும் தி. நகருக்குப் போய் இன்னொரு தலையணை வாங்கினேன். கடைக்காரர் மெத்தென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளதிலேயே உயரமானதைக் கொடுங்கள் என்றேன்.